சலூனின் ஐந்தாவது ஆண்டு விழாவில் நன்றிப் பேச்சு: என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். 2025 பெப்ரவரியில் ஐந்து வருடம் முடிந்தபோது கடைக்குள்ளேயே ஒரு சின்ன விழா வைத்து நாலரை நிமிடம் பேசினேன். அந்த வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சலூன்காரிகள் அழைத்துக் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எத்தனை நிமிஷம் பேசலாம் அக்கா? மண்டபம் இல்ல, கடைக்குள்ளதான் வைக்கிறன்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். கடைக்குள் கதிரைகளை ஓரம் தள்ளினால் முப்பது நாற்பது பேர் நிற்கலாம், இருக்க முடியாது. அன்ரிமாருக்குக் கால் உளையும். கதவைத் திறந்து திறந்து மூடுவதால் ஏசி வேலை செய்யாது. ஒரு கையில் பட்டிஸ், மறு கையில் தேத்தண்ணிக் கோப்பை, கைதட்டவும் கை இல்லை.

நான் முதலில் எழுதியது பதினொரு நிமிடம். கண்ணால் வாசித்தபோது சின்னதாகத்தான் தெரிந்தது. போனில் பதிவு போட்டு வாய்விட்டு வாசித்தபோதுதான் உண்மை தெரிந்தது. என் வேகத்துக்கு ஒரு நிமிடத்தில் தொண்ணூறு சொல் போகிறது. அதோடு கைதட்டலுக்கும், பெயர் சொன்னவர் வெட்கப்பட்டு முன்னால் வருவதற்கும் நேரம் வேண்டும். ஆகவே தாளில் முந்நூறு, முந்நூற்றைம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம்.

முதல்ல ஆருக்கு நன்றி சொல்லோணும், வாடிக்கையாளருக்கா வேலை செய்யிற பிள்ளையளுக்கா?

பிள்ளைகளுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாடிக்கையாளர் தெய்வம் என்று தொடங்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வந்து நிற்கிற அன்ரிமாரைப் பாருங்கள். ஒருவர் உங்கள் கடைக்கு வருகிறவர் இல்லை, த்ரெடிங் செய்கிற அந்தப் பிள்ளையிடம் வருகிறவர். இன்னொருவர், அந்த நங்கி லீவு என்றால் தலைமயிரைத் தொடவே விடமாட்டார். தன் பிள்ளையை முதலாளி எல்லாருக்கும் முன்னால் பெயர் சொல்லிப் பாராட்டும்போது அந்த அன்ரியின் முகம்தான் முதலில் மலரும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாடிக்கையாளருக்கு நன்றி சொன்னவுடன் கூட்டம் பெரிதாகக் கைதட்டும். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதைக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சொல்கிற ஊழியர் பெயர்கள் அந்தச் சத்தத்துக்குள் போய்விடும்.

பேர் சொல்லி நன்றி சொல்லப் பயமா இருக்கு. ஒராளை விட்டிட்டா?

விட்டிருக்கிறேன். மூன்றாவது வருடம் எங்களுக்குள் மட்டும் கேக் வெட்டினோம். நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், பின்பக்கத்தில் கூட்டித் துடைக்கிற அம்மா எங்கள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். கேக் துண்டை நீட்டினேன். "கை ஈரம் பிள்ளை, வையுங்கோ" என்றார். அவர் பெயர் என் வாயில் வரவேயில்லை.

ஏன் விடுபட்டது என்று யோசித்தேன். அவர் நாள் கூலிக்கு வந்தவர், சம்பளக் கொப்பியில் பெயர் இல்லை. அது என் பிழைதான், பிறகு சரிசெய்தேன். ஆகவே நினைவை நம்பாதீர்கள். நீங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்புகிற சீ படிவங்களை அறுபது மாதத்துக்கும் எடுத்து வையுங்கள். இருக்கிறவர்கள், போனவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். பிறகு படிவத்தில் வராதவர்களைத் தனியாக எழுதுங்கள்: கூட்டுகிறவர், துவாய் தோய்த்துத் தருகிறவர், கல்யாண சீசனுக்கு மட்டும் சாரி கட்ட வருகிறவர், மோட்டர் பழுதானால் ஓடி வருகிற எலக்ட்ரிசியன். எனக்கு மொத்தம் பதின்மூன்று பெயர் வந்தது. நினைவிலிருந்து எழுதியிருந்தால் எட்டுத்தான் வந்திருக்கும்.

வரிசை சேர்ந்த தேதிப்படி இருக்கட்டும். சீனியர், ஜூனியர் என்று போனால் அன்று இரவே முகம் நீளும். தேதியோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது.

ஒவ்வொருத்தரைப் பற்றியும் என்னத்தைச் சொல்லுறது? எல்லாரும் நல்லாத்தான் வேலை செய்யினம்.

கடினமான இடம் இதுதான். "கடமையுணர்வு மிக்கவர், சிரித்த முகத்தோடு சேவை செய்பவர்" என்று எழுதினால் அந்த வசனத்தை யாருக்கும் பொருத்தலாம். நான் வைத்த சோதனை சின்னது. எழுதின வசனத்தில் பெயரை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையின் பெயரைப் போட்டு வாசிப்பேன். அப்போதும் பொருந்தினால் வசனத்தைக் கிழித்துவிடுவேன்.

அதற்குப் பதிலாக ஒரு நாளைத் தேடுங்கள். பழைய அப்பொயின்ட்மென்ட் கொப்பியைப் புரட்டுங்கள், கடை வட்ஸ்அப் குழுவில் மேலே போய்ப் பாருங்கள். எந்த நாள், அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருந்தது, அதனால் யாருக்கு என்ன நடந்தது. இந்த மூன்றும் கிடைத்தால் இரண்டு வசனம் போதும்.

என்னிடம் இருந்து ஒன்று சொல்கிறேன். த்ரெடிங் செய்யும்போது நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடிப்பதுதான் எங்கள் பழக்கம். மற்ற முனை கையில் இருக்கும், நடுவில் முறுக்கு. தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் முறுக்கு ஓடிப் புருவ மயிரைப் பிடுங்கும். 2020இல் திரும்பக் கடை திறந்தபோது எல்லாரும் மாஸ்க். வாயே மூடியாகிவிட்டது, நூலை எங்கே கடிப்பது? மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாடிக்கையாளர் முகத்துக்கு மேலே குனியவும் முடியாது. எங்களில் ஒரு பிள்ளை, ஹட்டனிலிருந்து வந்தவள், நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பல்லுக்குப் பதில் கழுத்தால் இழுத்துப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் அவளுடைய கழுத்தில் சிவப்புக் கோடு. மூன்றாம் நாள் சட்டைக் கொலருக்கு மேலால் சுற்றினாள், கோடு நின்றது. பிறகு மற்ற இரண்டு பேருக்கும் பழக்கினாள். என் புருவத்தில்தான் பழகினார்கள். இடது புருவம் ஒரு மாதம் மெலிந்து கிடந்தது.

இதைச் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "திறமையானவள்" என்ற சொல் தேவைப்படவே இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. சொல்லப்போகிற சம்பவத்தை முதலே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். எங்களில் ஒருத்தி, "அக்கா, அம்மாக்கு நான் அண்டைக்கு இரவு லேட்டா நிண்டது தெரியாது, அதைச் சொல்லாதீங்கோ" என்றாள். மாற்றிக்கொண்டேன்.

கொவிட், பிறகு 2022, இதெல்லாம் பேசோணுமா? கொண்டாட்டத்தில பழைய கஷ்டத்தைக் கிளறுறதா?

ஐந்து வருடக் கணக்குச் சொல்கிற கொழும்புக் கடை அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் ஒரு நாளை மட்டும் எடுங்கள், முழுச் சரித்திரமும் வேண்டாம். "பொருளாதார நெருக்கடியின் மத்தியிலும்" என்று தொடங்கினால் செய்தி வாசிப்பது மாதிரி ஆகிவிடும். நிற்கிறவர்கள் எல்லாரும் அதே வரிசையில் நின்றவர்கள்தான், அவர்களுக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை.

நான் எடுத்தது 2022 மார்ச். மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. அதற்கு முன்பே ஏ, பீ, சீ என்று பகுதிக்கு ஒரு எழுத்துப் போட்டு நேரசூசி வரும். எங்கள் பிள்ளைகள் அந்தச் சூசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பொயின்ட்மென்ட் எழுதினார்கள். ப்ளோ ட்ரை கரண்ட் இருக்கும் நேரத்தில், த்ரெடிங் கரண்ட் இல்லாத நேரத்தில் யன்னல் பக்கம். சின்ன ஜெனரேட்டருக்கு ட்ரையர் தாங்காது. ஒரு ட்ரையரே 2000 வாட்ஸ் வரை இழுக்கும். ஆகவே அதை லைட்டுக்கும் மின்விசிறிக்கும் மட்டும் வைத்திருந்தோம்.

ஒரு நாள் இரண்டு பேருக்குத் தலையில் கலர் பூசி முடித்து டைமர் ஓடுகிறது. சூசியில் இல்லாத நேரம் கரண்ட் போனது. கலர் கரண்டுக்காகக் காத்திருக்காது, தலையில் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். நேரம் தாண்டினால் நிறம் இருண்டுவிடும், தலைத்தோலும் எரியும். கழுவ வேண்டும். பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மொட்டைமாடித் தாங்கி காலியாகிவிட்டது, கீழ்த் தாங்கியிலிருந்து ஏற்ற மோட்டருக்குக் கரண்ட் இல்லை. சிங்களப் பிள்ளை ஒருத்தி ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மூன்றாம் மாடிக்கு ஏழு தரம் ஏறி இறங்கினாள். மற்றவர்கள் கோப்பையால் மொண்டு ஊற்றி, போன் டோர்ச் வெளிச்சத்தில் கழுவினோம்.

அந்த வருடத்தைப் பற்றி வேறு எதுவும் நான் சொல்லவில்லை. ஓகஸ்டில் ஷாம்பூ, அலங்காரப் பொருட்கள் உட்பட முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியதைப் பற்றி ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். அதில் நன்றி சொல்ல யாரும் இல்லை.

இன்னொன்று, பொய் சொல்லாதீர்கள். "ஊரடங்கிலும் ஊழியர்களைக் கைவிடவில்லை" என்று மைக்கில் சொல்லும்போது பாதிச் சம்பளம் வாங்கியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். நான் 2020 ஏப்ரலில் பாதிதான் கொடுத்தேன். அதை அப்படியே சொன்னேன்.

வாடிக்கையாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா? எங்கட அன்ரிமார் சந்தோஷப்படுவினமே.

கேட்காமல் வேண்டாம். சலூன்காரிக்குத் தெரிகிற விஷயங்கள் டொக்டருக்குத் தெரிகிறவை மாதிரி. யாருக்கு எவ்வளவு நரை, யாருக்கு முன்தலையில் மயிர் கொட்டுகிறது, யார் சிகிச்சைக்குப் பிறகு விக் வைத்திருக்கிறார், யார் வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் கெரட்டின் செய்தார். அன்பாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இவற்றில் ஒன்றை அவிழ்த்துவிடுவோம்.

வேறொரு கடையின் விழாவுக்குப் போயிருந்தேன். முதலாளி ஒரு அன்ரியின் தோளில் கைபோட்டு, "இவ முதல் முதல் வரேக்க தலை முழுக்க வெள்ளை, இப்ப பாருங்கோ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அன்ரியும் சிரித்தார். காதுத் தோட்டைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார். இப்போது அவர் என் கடைக்கு வருகிறார். அதில் எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

பெயரை விட்டாலும் அடையாளம் தெரியலாம். "பாங்க்கில வேலை செய்யிற, ரெண்டு பெண் பிள்ளையள் இருக்கிற அன்ரி" என்றால் அந்த ஒழுங்கைக்கே தெரியும். ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். என் பேச்சில் வந்தது இது: ஊரடங்கில் கடை பூட்டியிருந்த ஏப்ரலில் நாலு பேர், செய்யாத ஃபேஷியலுக்கு முற்கூட்டியே காசு அனுப்பினார்கள். அந்த நாலு பேருக்கும் தாங்கள் யார் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரியத் தேவையில்லை.

பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒருவர், அதுவும் முதல் நாளே கேட்டு. நான் முதல் வாடிக்கையாளரைக் கேட்டேன். "பேரைச் சொல்லுங்கோ, வயசைச் சொல்லாதீங்கோ" என்றார்.

இதோடு சேர்ந்தது வீடியோ. பெண்கள் மட்டும் வருகிற இடம் என்பதால்தான் பல முஸ்லிம் சகோதரிகள் எங்களிடம் தலைச்சீலையைக் கழற்றுகிறார்கள். விழா நாளில் யாராவது ஒருவர் போனைத் தூக்கி லைவ் போட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். வாசலிலேயே சொல்லிவிடுங்கள், படம் எடுப்பது ஒரு மூலையில் மட்டும் என்று. அன்று கடைக்குள் ஆண்களும் வருவதானால் அதையும் அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

எந்த மொழியில பேசுறது? எங்கட கடையில ரெண்டு பேர் சிங்களம், வாறவையில கொஞ்சப் பேருக்கு இங்கிலீஷ்தான்.

உங்கள் மொழியில் பேசுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் மூன்று தரம் சொன்னால் ஐந்து நிமிடம் பதினைந்தாகும், பகிடிகள் மூன்றாவது தரத்தில் செத்துவிடும். நான் செய்தது: பேச்சு முழுவதும் தமிழ். சிங்களப் பிள்ளைக்குரிய நன்றி மட்டும் அவளைப் பார்த்து அவளுடைய மொழியில். "நங்கி, ஒயா நெத்நம் மே சலோன் எக நே. பொஹோம ஸ்துதி." நீ இல்லாவிட்டால் இந்தச் சலூன் இல்லை, மிகவும் நன்றி. அவ்வளவுதான்.

அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வாசித்துப் பழகாதீர்கள். "நெத்நம்", "நே" என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த "எ"யும் "ஏ"யும் உண்மையில் "அ"வுக்கும் "எ"வுக்கும் நடுவில் வாயை அகலத் திறந்து சொல்கிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்தே இல்லை. தெரிந்த ஒருவரிடம் வொயிஸ் மெசேஜ் வாங்கி, கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவளிடமே கேட்டால் ஆச்சரியம் போய்விடும். நான் கீழ்க் கடை மல்லியிடம் கேட்டேன். பெயர்களும் அப்படித்தான். முழுப் பெயரையா, கூப்பிடுகிற பெயரையா சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

போனஸ், சம்பளக் கூட்டல் எல்லாத்தையும் மைக்கிலயே சொன்னா நல்லாயிருக்குமே?

வேண்டாம். காசை உறையில் போட்டு விழாவுக்கு முதலே கையில் கொடுங்கள். மைக்கில் சொன்னால் வந்தவர்கள் தொகையைக் கணக்குப் போடுவார்கள், பிள்ளைகள் பக்கத்திலிருப்பவருடைய தொகையைக் கணக்குப் போடுவார்கள். விலைக்கழிவு அறிவிப்பும் பேச்சில் வரக்கூடாது. வாசலில் ஒரு தாளில் ஒட்டுங்கள்.

"ஐந்து வருடம்" என்று நீங்கள் உரக்கச் சொல்லும்போது பணிக்கொடை ஞாபகம் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். எங்களைப் போன்ற ஆறு பேர்க் கடை அந்தக் கணக்குக்குள் வராது. கொடுக்க மனமிருந்தால் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். "உங்களை நான் பார்த்துக்கொள்ளுவன்" என்று மைக்கில் சொல்வதற்கு யாரும் கணக்குப் போட முடியாது.

சேமலாப நிதிக்கு உங்கள் 12 வீதமும் பிள்ளைகளின் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். அது போகாத கடையில் "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற வசனத்தைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்க நிண்டு பேசுறது? கேக்கை எப்ப வெட்டுறது?

கண்ணாடிக்கு முன்னால் நிற்காதீர்கள். சலூன் முழுக்கக் கண்ணாடி, ஃப்ளாஷ் எல்லாம் அதில் பட்டுத் திரும்பும். வீடியோவில் உங்கள் முதுகுதான் துலக்கமாகத் தெரியும். சுவர் இருக்கிற ஒரு மூலையைத் தேடுங்கள். பேசும் நேரம் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். கேக் பேச்சுக்குப் பிறகு.

தாளைப் பார்த்து வாசிக்கலாமா? எனக்கு அழுகை வந்திடும்.

பெயர்களைத் தாளில் வைத்திருங்கள், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு பெயர். மற்றதைப் பார்த்துச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். எனக்கு வந்தது நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. என் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை, வாளிக் கதையில் தொண்டை அடைத்தது. அந்த நேரம் கூட்டமே கைதட்டி எனக்கு மூச்சு வாங்க நேரம் தந்தது.

நீங்கள் பேசினதை அப்பிடியே போடுவீங்களா?

போடுகிறேன். பிள்ளைகளின் பெயரை மட்டும் எடுத்திருக்கிறேன்.

"வந்திருக்கிற அன்ரிமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். பட்டிஸ் ஆறமுதல் முடிச்சிடுவன்.

2020 பெப்ரவரி 12ஆம் தேதி இந்தக் கதவைத் திறந்தம். ரெண்டு கதிரை, ரெண்டு பிள்ளையள். முப்பத்தெட்டாவது நாள், மார்ச் 20, பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. கொழும்பில அது மே மாசக் கடைசி வரைக்கும் போச்சு. ஏப்ரல்ல நான் அந்த ரெண்டு பேருக்கும் பாதிச் சம்பளந்தான் குடுத்தனான். மிச்சத்தை டிசம்பர்லதான் குடுக்க முடிஞ்சது. இடையில ஒரு நாளும் ரெண்டு பேரும் கேக்கேல்ல. கேட்டிருக்கலாம். கேக்காததுக்கு நன்றி.

இவ, மாஸ்க் போட்ட காலத்தில நூலைக் கழுத்தில சுத்தி த்ரெடிங் செய்யப் பழகி மற்றவைக்கும் பழக்கினவ. என்ர இடது புருவம் அதுக்குச் சாட்சி.

இவ, 2022 மார்ச்சில ரெண்டு பேருக்குத் தலையில கலர் இருக்கேக்க கரண்ட் போய், ஏழு தரம் மூண்டு மாடி தண்ணி தூக்கினவ. நங்கி, ஒயா நெத்நம் மே சலோன் எக நே. பொஹோம ஸ்துதி.

இவ, விடிய மூண்டு மணிக்கு மணப்பெண் வீட்டுக்குப் போற வானில எல்லாருக்கும் முதல் ஏறி இருக்கிறவ. சாரிக்குப் பின் குத்த மறந்து போனா இவவின்ர சட்டையிலதான் நான் பின் எடுக்கிறனான்.

இவ வந்து எட்டு மாசந்தான். வந்த முதல் கிழமை, 'அக்கா, கழுவுற கதிரை எல்லாருக்கும் கழுத்து நோகுது' எண்டு சொன்னா. நாலு வருஷமா எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல. துவாய் மடிச்சு வைக்கிறது அதுக்குப் பிறகுதான்.

அம்மா, கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ. மூண்டாம் வருஷம் உங்கட பேரைச் சொல்ல மறந்திட்டன். இண்டைக்கு முதல் கேக் துண்டு உங்களுக்கு. கை ஈரமா இருந்தாலும் பரவாயில்லை.

இங்க வேலை செய்து போன நாலு பேருக்கும் நன்றி. ஒராள் டுபாயில, ஒராள் பிள்ளை பெத்து வீட்டில, ஒராள் படிக்கிறா, ஒராள் சொந்தக் கடை போட்டிருக்கிறா.

இனி உங்களுக்கு. கடை பூட்டிக் கிடந்த ஏப்ரல்ல நாலு பேர், செய்யாத ஃபேஷியலுக்குக் காசு அனுப்பினீங்கள். ஆர் எண்டு சொல்லமாட்டன். அந்தக் காசிலதான் அந்த மாசம் கடை வாடகையில ஒரு பகுதி கட்டினனான். கரண்ட் இல்லாத நாளில ஈரத் தலையோட வீட்ட போன எல்லாருக்கும் நன்றி. இந்தக் கதிரையில இருந்து எங்களுக்குச் சொன்ன கதையள் இந்தக் கடையை விட்டு வெளியில போகேல்ல. இனியும் போகாது.

என்ர அம்மாவுக்கு, நகையைத் தந்ததுக்கு. மீட்டிட்டன் அம்மா.

வாங்கோ, கேக் வெட்டுவம்."

வேலையை விட்டுப் போய் ரெண்டு ஒழுங்கை தள்ளிக் கடை போட்டவவுக்குமா நன்றி சொன்னனீங்கள்?

சொன்னேன், ஒரே வசனத்தில், மேலே இருக்கிறதே. நிறையக் கதை இருந்தது. போகும்போது என் வாடிக்கையாளர் ஆறேழு பேர் அவளோடு போனார்கள், மூன்று மாதம் கதைக்கவில்லை. ஆனால் முதல் நாள் இருந்த இரண்டு கதிரையில் ஒன்று அவளுடையது. அவளை விட்டுவிட்டு ஐந்து வருடக் கணக்குச் சொன்னால் ஒரு கதிரை குறையும். நிற்கிறவர்களுக்கு அது உடனே தெரியும். பாராட்டாகவும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரோடு சேர்த்து எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அழைப்பும் அனுப்பினேன். அவள் வரவில்லை.

இரவு ஒன்பதரை மணிக்கு அவளிடமிருந்து ஒரு வொயிஸ் மெசேஜ் வந்தது. வீடியோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அக்கா, நீங்கள் இப்ப த்ரெடிங் நூல் எங்க எடுக்கிறனீங்கள்? நான் எடுக்கிறது அறுந்து அறுந்து போகுது." கடையின் பெயரை அனுப்பினேன்.